தண்ணீரை அடக்கினால் நாற்றம் அடங்கும்

ஃப்ளாட்டில் காய்கறித் தோலை மக்க வைத்து உரமாக்கத் தொடங்கும் பலர் இரண்டாவது வாரத்திலேயே வாளியைக் கவிழ்த்துவிடுகிறார்கள். அடுக்களையில் சாக்கடை வாடை. மூடியைத் திறந்தால் முகத்தில் மொய்க்கும் ஈ. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு விசாரிப்பு. அதோடு, "இதெல்லாம் தோட்டம் உள்ள வீட்டுக்குத்தான் சரிப்படும்" என்ற முடிவும் வந்துவிடும். தோட்டம் இல்லாதது இதற்குக் காரணமே இல்லை. அந்த வாளிக்குள் தண்ணீர் அதிகம், காற்று குறைவு. நாற்றம், ஈ, புழு மூன்றும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

வெள்ளரிக்காயின் எடையில் 100-க்கு ஏறத்தாழ 95 பங்கு தண்ணீர். வெண்பூசணியும் சுரைக்காயும் அதற்கு அதிகம் பின்தங்கியவை அல்ல. கெட்டியாகத் தெரியும் உருளைக்கிழங்குத் தோலில்கூட முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். தோல் மக்கத் தொடங்கியதும் அதன் திசுக்கள் உடைந்து அத்தனை நீரும் வெளியே வருகிறது. துண்டுகளுக்கு நடுவே காற்று போய்வர வேண்டிய இடைவெளிகளை அந்த நீர் அடைத்துக்கொள்கிறது. காற்றில் வாழும் நுண்ணுயிரிகள் மக்க வைக்கும்போது கரியமில வாயு, நீராவி, கொஞ்சம் சூடு ஆகியவைதான் வெளிவரும்; கெட்ட வாடை இருக்காது. காற்று நின்றதும் அவை ஒடுங்கி, காற்றில்லாமல் வாழும் வேறு கூட்டம் பெருகுகிறது. அழுகிய முட்டை வாடை தரும் ஹைட்ரஜன் சல்பைடும், புளிச்ச வாடை தரும் அமிலங்களும் இந்தக் கூட்டத்தின் வேலை. அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு ஈக்கள் வந்து சேர்கின்றன.

ஆகவே ஃப்ளாட்டில் உரம் தயாரிப்பவருக்கு முதலில் வேண்டியது வாளி அல்ல, ஈரத்தை உறிஞ்சும் உலர்ந்த பொருள். நம் ஊரில் எளிதாகக் கிடைப்பவை இரண்டு: காய்ந்த இலை, தேங்காய் நார்க்கழிவான கோகோபீட். தெரு மரத்தடியில் உதிர்ந்த சருகைக் கையால் நொறுக்கிப் பயன்படுத்தலாம். கோகோபீட் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டியாக வரும் கோகோபீட்டைத் தண்ணீரில் ஊறவைத்து உதிர்ப்பது செடி நடுவதற்கான முறை. அப்படி ஊறியதையே உர வாளியில் போட்டால், ஏற்கெனவே நீர் குடித்து நிறைந்திருப்பதால் தோலின் நீரை அது உறிஞ்சாது. உதிர்த்த பிறகு வெயிலில் பரப்பி, பொலபொலவென்று ஆன பின் ஒரு பையில் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும். பலருடைய முதல் வாளி கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

உலர்ந்த பொருளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. காய்கறித் தோலில் தழைச்சத்து அதிகம். சருகிலும் நாரிலும் கரிச்சத்து அதிகம். நுண்ணுயிரிகளுக்கு 1 பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு வரை கரிச்சத்து தேவை. தோலை மட்டும் போட்டால் மிஞ்சிய தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்து, மூத்திர வாடை அடிக்கும். கீரைத் தண்டும் காபித் தூளும் அதிகம் சேரும் வீடுகளில் இதைக் கவனிக்கலாம்.

ஒரு வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். மூன்று பேர், இரண்டு வேளை சமையல், ஒரு நாளைக்கு சுமார் 400 கிராம் தோலும் காம்பும் சேர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பொடியாக நறுக்கினால் அது ஏறக்குறைய ஒரு லிட்டர் கிண்ணம் நிறையும். இந்த வீட்டுக்கு 20 லிட்டர் பெயின்ட் வாளிகள் மூன்று போதும். வாளியின் பக்கங்களில், மேலிருந்து கீழ்வரை, பென்சில் பருமனில் 20 துளைகள். அடியில் நாலைந்து துளைகள். கீழே ஒரு தட்டு. பக்கத் துளைகள் மேல் பழைய வேட்டித் துணியை ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட வேண்டும். கொசுவலை போதாது, பழ ஈ இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், அதைவிடச் சிறிய ஈக்களும் உண்டு. வாளியின் வாயையும் இறுக்கமான மூடியால் அடைக்காமல், இரட்டையாக மடித்த பருத்தித் துணியைப் போட்டு எலாஸ்டிக்கால் கட்டலாம். ஈரம் ஆவியாகப் போகும், ஈ உள்ளே போகாது.

வாளியின் அடியில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு தேங்காய் நாரும் உலர்ந்த கோகோபீட்டும். அதன் மேல் ஒரு கைப்பிடி பழைய மக்கு உரம் அல்லது செடித்தொட்டி மண். புளித்த மோர் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள், கடையில் நுண்ணுயிர்க் கரைசல் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். வேண்டிய நுண்ணுயிரிகள் காய்கறித் தோலிலும் மண்ணிலும் ஏற்கெனவே இருப்பதால் ஒரு கைப்பிடி மண்ணே போதுமானது. அதோடு, ஈரத்தைக் குறைக்கப் பாடுபடும் வாளியில் மோரையும் ஊற்றுவது தேவையில்லாத வேலை.

இனி அன்றாட வேலை. நறுக்கும் துண்டு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நறுக்கியதைச் செய்தித்தாளில் பரப்பி இரண்டு மூன்று மணி நேரம் பால்கனியில் உலர்த்தினால் வாளியின் சுமை குறையும். ஒரு கிண்ணம் தோலுக்கு ஒரு கிண்ணம் உலர்ந்த கோகோபீட். நொறுக்கிய சருகாக இருந்தால் இரண்டு கிண்ணம். முக்கால் பங்கைத் தோலோடு கலந்து போட்டு, மீதியை மேலே பரப்ப வேண்டும். கலப்பதை விட்டாலும் இந்த மேல் போர்வையை விடக் கூடாது. வாளிக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு துண்டுத் தோல்கூடக் கண்ணில் படக் கூடாது. கண்ணில் படுகிற தோலில்தான் ஈ முட்டையிடும். மூன்று நாளைக்கு ஒருமுறை குச்சியாலோ சிறு கரண்டியாலோ அடிவரை கிளறிவிட்டு, மறுபடி மேலே மூடிவிட வேண்டும்.

ஈரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி வேண்டாம். வாளியின் நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிய வேண்டும். விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி கசிந்து, கையைத் திறந்ததும் உருண்டை நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். நீர் ஒழுகினால் உலர்ந்ததைச் சேர்த்துக் கிளற வேண்டும். பிடித்த பிடியிலேயே உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கலாம். அப்படிக் காய்ந்த வாளியில் எறும்பு புகும், தோல் மக்காமல் அப்படியே கிடக்கும். தட்டில் கறுப்பு நீர் தேங்கினால் அதுவும் ஈரம் மிஞ்சியதற்கு அடையாளம். அந்த நீரைச் செடிக்கு ஊற்றாமல் கொட்டிவிடுவது நல்லது. மேலே வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் பயப்பட வேண்டாம், மக்குகிறது என்று அர்த்தம்.

இவ்வளவு மூடி வைத்தும் ஈ வருவதுண்டு. அது பெரும்பாலும் வாழைப்பழத் தோலோடு கடையிலிருந்தே வீட்டுக்கு வந்தது. பழுத்த தோலில் பழ ஈயின் முட்டைகள் முன்பே இருக்கும். வயல்வெளியில் ஆளுயரம் குவிக்கும் உரக்குவியல் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறி, முட்டை, களை விதை எல்லாவற்றையும் அழித்துவிடும். 20 லிட்டர் வாளிக்கு அந்தக் கனம் இல்லாததால் உண்டாகும் சூடு பக்கவாட்டில் போய்விடுகிறது. முட்டை பொரிகிறது, உரம் போட்ட தொட்டியில் தக்காளியும் பூசணியும் தானாக முளைப்பதும் இதனால்தான். வாழைப்பழத் தோல், மாம்பழத் தோல் போன்றவற்றை ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்துப் பிறகு நறுக்கி, வாளியின் நடுவில் புதைப்பது நல்ல வழி.

ஈ பெருகிவிட்ட பிறகு மருந்து அடிக்க வேண்டாம். நம் வெக்கையில் பழ ஈ முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏறத்தாழ பத்து நாள் ஆகும். வாளியின் மேல் ஐந்து சென்டிமீட்டர் உலர்ந்த கோகோபீட்டைப் பரப்பி, துணியைக் கட்டி, இரண்டு வாரம் அதில் எதுவும் போடாமல் அடுத்த வாளிக்கு மாறிவிட வேண்டும். உள்ளே பொரிந்தது வெளியேற வழியில்லை, புதிதாக முட்டையிட ஈரமான தோலும் இல்லை. சாம்பல் பழுப்பு நிறத்தில், தட்டையாக, இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் நெளியும் பெரிய புழுக்கள் வேறு வகை. அவை கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுக்கள். கழிவை வேகமாகத் தின்னும், கடிக்காது. ஃப்ளாட்டில் அவை ஊர்ந்து வருவது பிடிக்காதவர்கள் வாளியை உலர வைத்தாலே குறைந்துவிடும்.

சோறு, சாம்பார், தயிர், எண்ணெய்ப் பண்டம், மீன், இறைச்சி எதையும் இந்த வாளியில் சேர்க்கக் கூடாது. டீத்தூளைப் பாலும் சர்க்கரையும் போக ஒருமுறை அலசிப் போடலாம். மாங்கொட்டை, சோளக் கதிர்த் தண்டு, கொட்டாங்குச்சி ஆகியவை இந்த அளவு வாளியில் மக்காது.

நம் கணக்கு வீட்டில் முதல் வாளி நிறைய மூன்று வாரம் ஆகும். அதற்குள் 8 கிலோவுக்கு மேல் தோல் போயிருக்கும். அதில் சுமார் 7 கிலோ வெறும் தண்ணீர். பிறகு அதை ஒதுக்கிவைத்து, வாரம் ஒருமுறை மட்டும் கிளறிவிட்டு, இரண்டாவதையும் மூன்றாவதையும் நிரப்புவதற்குள் இன்னும் ஆறு வாரம் போய்விடும். அப்போது முதல் வாளியில் நாலைந்து கிலோ உரம் இருக்கும். அதில் பெரும்பங்கு அவர்கள் போட்ட கோகோபீட்தான், தோலிலிருந்து வந்தது அதற்குள் ஊறிய சத்து.

நிறம் கறுத்ததை மட்டும் பார்த்து எடுத்துவிடக் கூடாது. ஒரு பிடியை ஈரப்படுத்தி பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்தால் மழை பெய்த மண்ணின் வாசம் வர வேண்டும். புளிப்போ அழுகலோ வந்தால் இன்னும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். அரைகுறையாக மக்கியதைத் தொட்டியில் போட்டால், மீதி மக்குவதற்காக மண்ணிலுள்ள தழைச்சத்தை அது இழுத்துக்கொள்ளும். செடியின் அடி இலைகள் வெளுக்கும். பக்குவமானதைச் சலித்து, புதுத் தொட்டிக்கு மண்கலவையில் நான்கில் ஒரு பங்கு கலக்கலாம். வளர்ந்த செடிக்கு, 12 அங்குலத் தொட்டியானால், மாதம் இரண்டு கைப்பிடி மேல்மண்ணில் கிளறிவிட்டால் போதும். சல்லடையில் தங்கியதை அடுத்த வாளியின் அடியில் போடலாம்.

சென்னை போன்ற ஊர்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை எதையும் உலர்த்த முடியாது. சருகும் நனைந்துதான் கிடைக்கும். உரம் போட நினைப்பவர்கள் வாளி தேடுவதற்கு முன், வெயில் இருக்கும்போதே இரண்டு கோணி காய்ந்த இலையையோ கோகோபீட்டையோ உலர்த்திக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.