சுற்றறிக்கைக்கு முந்தைய நாள்

2000 நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவர் ஜாக் வெல்ச் விமானம் ஏறினார். தனக்குப் பின் அந்த நாற்காலியில் யார் உட்காருவது என்று பல ஆண்டுகளாக நடந்த தேர்வு முடிந்திருந்தது. கடைசி வரை நின்றவர்கள் மூன்று பேர். மருத்துவக் கருவிப் பிரிவின் ஜெஃப் இம்மெல்ட்டுக்குப் பதவி. விமான எஞ்சின் பிரிவின் ஜேம்ஸ் மெக்நெர்னிக்கும் மின் உற்பத்திக் கருவிப் பிரிவின் ராபர்ட் நார்டெல்லிக்கும் இல்லை.

அந்த 'இல்லை'யைச் சொல்லத்தான் வெல்ச் கிளம்பினார். முதலில் சின்சினாட்டி, அடுத்து ஆல்பனி. தொலைபேசியில் முடித்திருக்கலாம், நேரில் போனார். மறுநாள் காலையில்தான் உலகத்துக்கு அறிவிப்பு.

நார்டெல்லி காரணம் கேட்டார். அவருடைய பிரிவின் லாபக் கணக்கு அவ்வளவு நன்றாக இருந்தது. வெல்ச்சிடமோ எண்ணில் காட்டக்கூடிய பதில் இல்லை. தன் உள்மனம் சொன்னதையே நம்பியதாகச் சொன்னார். நேரில் போனது சரி. ஆனால் காரணம் இல்லாமல் போனது தவறு. உழைத்தவருக்கு 'எனக்குத் தோன்றியது' என்பது பதிலாகாது. இரண்டே வாரத்துக்குள் நார்டெல்லி ஹோம் டெப்போவுக்கும் மெக்நெர்னி 3எம் நிறுவனத்துக்கும் தலைவர்களாகப் போய்விட்டார்கள். கிடைக்காதவர்கள் போய்விடுவார்கள் என்று வெல்ச் முன்பே கணக்குப் போட்டு, மூவருடைய பிரிவுகளிலும் சில மாதங்களுக்கு முன்னரே அடுத்த ஆளை அமர்த்தியிருந்தார்.

அப்படி மாற்று ஆள் வைத்திருக்க நம் அலுவலகங்களால் முடியாது. ஒரு மேலாளர் பதவிக்குத் தகுதியுள்ளவர்கள் மூன்று பேர் என்று வைத்துக்கொள்வோம். கிடைக்காத இருவரும் நாளைக்கும் அதே மேசையில் உட்கார்ந்து, நேற்று வரை சமமாக இருந்தவருக்குக் கீழே வேலை செய்ய வேண்டும். இவர்களைத் தனித்தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, சுற்றறிக்கை வருவதற்கு முன்பே பார்த்தாக வேண்டும். பாராட்டில் ஆரம்பித்தால் எதிரில் இருப்பவருக்குள் நம்பிக்கை எழும்; அடுத்த வாக்கியத்தில் அது உடையும். ஆகவே முடிவை முதலில் சொல்ல வேண்டும்.

பிறகு காரணம். 'இந்தப் பதவியில் இருப்பவர் மூன்று கிளைகளின் வரவுசெலவைப் பார்க்க வேண்டும், அவர் அதை ஏற்கெனவே பார்த்திருக்கிறார்' என்பது காரணம். 'போட்டி கடுமையாக இருந்தது' என்பது காரணமே அல்ல. 'அடுத்த முறை உங்களுக்குத்தான்' என்ற ஆறுதல் எல்லாவற்றையும்விட ஆபத்து. சொன்னவர் மறந்துவிடுவார்; கேட்டவர் தேதியோடு நினைவில் வைத்திருப்பார்.

சுற்றறிக்கையிலும் ஒரு கவனம் வேண்டும். 'அனைவரிலும் சிறந்தவர்' என்று எழுதினால் மற்ற இருவரையும் ஊர் முன்னால் தாழ்த்தியதாகிவிடும். பதவி பெற்றவர் செய்த வேலையை எழுதினால் போதும்.

அடுத்த சில வாரங்களில், கூட்டங்களில் எப்போதும் மறுத்துப் பேசுபவர் திடீரென்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினால், சமாதானமாகிவிட்டார் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் அவர் வேறு வேலை தேடத் தொடங்கியிருப்பார். மேலாளர்களே, அன்றே அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.