தொண்ணூறு நாளில் நாற்பத்தெட்டு

டிசம்பர் 1 முதல் பிப்ரவரி 28 வரை எண்ணினால் சரியாக 90 நாள். மார்ச் தொடக்கத்தில் பிளஸ் டூ பொதுத்தேர்வு எழுதப்போகும் பிள்ளை உள்ள வீட்டில், இந்தக் கணக்கைப் போட்டதும் ஒரு நிம்மதி வரும். மூன்று மாதம் இருக்கிறதே, தாராளமாகத் திருப்பிப் பார்த்துவிடலாம் என்று தோன்றும். அன்று இரவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, வண்ணப் பேனாவால் 90 கட்டங்களும் நிரப்பப்பட்டு, அட்டவணை சுவரில் ஏறிவிடும். இரண்டாவது வாரத்தில் ஒரு காய்ச்சலோ உறவுக்காரர் கல்யாணமோ வரும். மூன்று கட்டம் தவறும். அதன்பின் அந்தத் தாளைப் பார்க்கவே பிள்ளைக்கு மனம் வராது.

தவறு பிள்ளையிடம் இல்லை. அட்டவணையை நிரப்பத் தொடங்கியதுதான் தவறு. முதலில் கழிக்க வேண்டும்.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு இரண்டு வாரத்தை எடுத்துக்கொள்ளும். அந்த நாட்களில் மறுநாள் தேர்வுக்கு மட்டும்தான் படிக்க முடியும். 90இல் 14 போனால் மீதி 76. அதில் ஏறத்தாழ 11 சனி, 11 ஞாயிறு இருக்கும். அவற்றை வேறு வேலைக்கு ஒதுக்கப்போகிறோம் என்பதால் 22ஐக் கழித்தால் 54. பொங்கலுக்கு மூன்று நாள், பிப்ரவரியில் செய்முறைத் தேர்வுக்கு மூன்று நாள். மிஞ்சுவது 48.

பள்ளி நடக்கும் நாளில் காலையில் ஒன்றேகால் மணி நேரம், மாலையில் இரண்டேமுக்கால் மணி நேரம் என்று நான்கு மணி நேரம் கிடைத்தாலே பெரிய விஷயம். 48 நாளுக்கு அது 190 மணி நேரத்தைச் சற்றே தாண்டும். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்த மாணவி என்று வைத்துக்கொள்வோம். கணிதத்தில் 12 பாடம், இயற்பியலில் 11, வேதியியலில் 15. தாவரவியலையும் விலங்கியலையும் சேர்த்தால் மொத்தம் அறுபதைத் தொடும். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் 30 மணி நேரம் எடுத்து வைத்தபின் எஞ்சும் 160 மணி நேரத்தை 60 பாடங்களுக்குப் பங்கிட்டால், ஒரு பாடத்துக்கு இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஒரு பாடத்துக்குக் கிடைப்பது அவ்வளவுதான். அரையாண்டு விடுமுறையில் கிடைக்கும் கூடுதல் மணிகளை இதில் சேர்க்காமல் கையிருப்பாக விட்டுவிடலாம்.

இந்த எண் பயமுறுத்துவதற்காக அல்ல. அட்டவணை எப்படி இருக்க வேண்டும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. இரண்டரை மணி நேரத்தில் ஒரு பாடத்தை முதல் வரியிலிருந்து மறுபடி வாசிக்க நேரமில்லை. எல்லாப் பாடத்துக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்கவும் வழியில்லை.

ஆகவே பாடங்களை முதலில் மூன்றாகப் பிரிக்க வேண்டும். இதற்குச் சிறந்த கருவி கையிலேயே வரப்போகிறது: திருத்திய அரையாண்டு விடைத்தாள்கள். அதுவரை காலாண்டுத் தாளை வைத்துத் தோராயமாகப் பிரித்துக்கொள்ளலாம். புத்தகத்தை மூடிவிட்டு எழுத முடிகிற பாடங்கள் ஒரு பக்கம், பாதி வருகிறவை இன்னொரு பக்கம், தொட்டாலே தடுமாறுகிறவை மூன்றாவது. நம் மாணவிக்கு முதல் வகையில் 20, இரண்டாவதில் 25, மூன்றாவதில் 15 பாடங்கள் இருந்தால், முறையே ஒரு மணி, இரண்டரை மணி, ஐந்து மணி நேரம் என்று ஒதுக்கலாம். கூட்டிப் பாருங்கள், 160க்குள் அடங்கிவிடும். பிரியமான பாடத்தையே திரும்பத் திரும்பப் படித்து மகிழும் வழக்கம் பல நல்ல மாணவர்களுக்கு உண்டு. இந்தப் பிரிவினை அதைத் தடுக்கும்.

இனி சனிக்கிழமை. இந்த அட்டவணையில் சனிக்கிழமைக்குப் பாடம் எதுவும் எழுதக் கூடாது. அது தாங்கு நாள். திங்கள் முதல் வெள்ளி வரை தவறியது எதுவோ அதுவே சனிக்கிழமையின் வேலை. வாரத்தில் ஒரு நாளை வெறுமையாக விடுவதா என்று பெற்றோருக்கு மனம் பதைக்கும். ஆனால் ஒரு வேலைக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று கணிப்பதில் மனிதர்கள் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். 1994இல் பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். அவர்கள் சொன்னது சராசரியாக 34 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். தம் வேலையைத் தாமே கணித்தவர்களின் கணக்கு அது. பதினேழு வயதுப் பிள்ளை போடும் கணக்கும் அப்படித்தான் இருக்கும் என்று முன்பே எதிர்பார்ப்பதே நியாயம்.

தாங்கு நாளுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. சனிக்கிழமையும் முடியாத பாக்கி, திங்கட்கிழமையின் தலையில் ஏறக் கூடாது. அதைத் தனித்தாளில் எழுதி, பிப்ரவரி கடைசி வாரத்துக்கு ஒதுக்கிவிட வேண்டும். பாக்கி அடுத்த வாரத்துக்குள் நுழைய ஆரம்பித்தால் அட்டவணை முழுவதும் ஒரு நாள், இரண்டு நாள் என்று தள்ளிப்போய், கடைசியில் சில பாடங்கள் கைபடாமலே நின்றுவிடும். தொடர்ந்து இரண்டு வாரம் சனிக்கிழமை போதவில்லை என்றால் அட்டவணை கனமாகப் போடப்பட்டிருக்கிறது என்று பொருள். அப்போது குறைக்க வேண்டியது பாடத்துக்கான எதிர்பார்ப்பை, தூக்கத்தை அல்ல. மாறாக, பாக்கியே இல்லாத சனிக்கிழமை வந்தால் பிள்ளை அன்று விளையாடட்டும். சம்பாதித்த விடுமுறை அது. அதையும் பறித்து ஒரு பாடத்தைத் திணித்தால், அடுத்த வாரம் வேகமாக முடிக்க அதற்கு எந்தக் காரணமும் இராது.

ஞாயிறு காலை சுயதேர்வு. இந்தத் திட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ரோடிகர், கார்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்து, ஒரு குழுவை அதையே மீண்டும் படிக்கவும், மற்றொரு குழுவை நினைவில் உள்ளதை எழுதிப் பார்க்கவும் சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது மீண்டும் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம் சொன்னார்கள், மீண்டும் படித்தவர்கள் 42 சதவீதம்தான். பிள்ளைகள் மறுவாசிப்பை நம்புவதற்கும் தேர்வறையில் ஏமாறுவதற்கும் காரணம் இதில் தெரிகிறது. படித்த கையோடு எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும்.

டிசம்பரில் மூன்று மணி நேரத் தேர்வு வேண்டாம். இயற்பியல், வேதியியலில் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண், நேரம் மூன்று மணி. அதே வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 24, 25 மதிப்பெண் அளவு வினா சரியாக இருக்கும். கணிதத்தில் 90 மதிப்பெண் என்பதால் மணிக்கு 30. வினாக்களைத் திங்கட்கிழமையே, பாடத்தைத் தொடுவதற்கு முன்பே, பழைய வினாத்தாளிலிருந்தும் புக் பேக்கிலிருந்தும் எடுத்து ஒரு உறையில் போட்டுவிட வேண்டும். படித்தபின் எடுத்தால் தெரிந்த கேள்வியாகப் பார்த்தே கை போகும். பாதிக்குச் சற்று மேல் இந்த வாரப் பாடத்திலிருந்தும், மீதி முந்தைய வாரங்களிலிருந்தும் இருக்கட்டும். ஜனவரி பிற்பாதியிலிருந்து முழுத் தேர்வு: காலை 10 மணிக்கு உட்கார்ந்து 1.15க்கு எழ வேண்டும். பொதுத்தேர்வின் அதே நேரம், முதல் 15 நிமிடம் வினாத்தாளை வாசிக்கவும் விவரங்களை நிரப்பவும்.

மூன்றாவது வாரம் நம் மாணவி வேதியியலில் 25க்கு 14 எடுத்தாள் என்று வைத்துக்கொள்வோம். பதினாலு என்ற எண்ணால் பயனில்லை, இழந்த 11ஐப் பார்க்க வேண்டும். ஆல்டால் குறுக்கம், கானிசரோ வினை இரண்டையும் முதல் வாரம் சரியாக எழுதியவள் இப்போது மறந்திருக்கிறாள், அதில் 6 போனது. முதல் வகை வினையின் வேக மாறிலிக் கணக்கில் வாய்பாடு சரி, நிமிடத்தை வினாடியாக்கும்போது பிசகு, 3 மதிப்பெண். மீதி 2 அவள் படிக்கவே படிக்காத இடம். மூன்றுக்கும் மருந்து வேறு. மறந்ததை மறுபடி வாசிக்காமல் புதன்கிழமை ஒரு தடவையும் அடுத்த ஞாயிறு ஒரு தடவையும் எழுதிப் பார்க்க வேண்டும். பிசகுக்கு அதே மாதிரி நான்கு கணக்கு, அலகோடு சேர்த்துப் போட வேண்டும். தெரியாததற்கு மட்டும்தான் புத்தகம். இதை எழுதிவைக்க ஒரு நோட்டு போதும். ஒரே பிழை மூன்று வாரம் தொடர்ந்தால் அந்தப் பாடத்தை மூன்றாவது வகைக்கு மாற்றிவிட்டு, ஆசிரியரிடம் கேட்க வேண்டும்.

திருத்துவது ஞாயிறன்று வேண்டாம். திங்கள் மாலை முதல் வேலையாக, முந்தைய தேர்வுகளின் அதிகாரப்பூர்வ விடைக்குறிப்பை வைத்து, படிநிலை மதிப்பெண்ணோடு திருத்தலாம். ஞாயிறு மதியச் சாப்பாட்டிலிருந்து மறுநாள் காலைவரை புத்தகம் மூடியே இருக்கட்டும்.

ஓய்வில் பேச்சுக்கே இடமில்லாதது இரவுத் தூக்கம். 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது. பகலில் படித்தது நினைவில் பதிவது தூக்கத்தில்தான். இரவு 10 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுந்தாலே குறைந்தபட்சம் எட்டாகும். நம் வீடுகளில் நான்கு மணிக்கு எழுப்பிவிடும் வழக்கம் இருக்கிறது. எழுப்பலாம், எட்டு மணிக்கே தூங்கவிட முடிந்தால். இல்லையென்றால் அது படிப்பைக் கூட்டவில்லை, நேற்றுப் படித்ததைக் கரைக்கிறது.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போய் வருகிற பிள்ளைக்கும், மாலையில் கடையிலோ தோட்டத்திலோ வேலை இருக்கும் பிள்ளைக்கும் நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். அப்போது 60 பாடத்தையும் தொட வேண்டாம். தேர்ச்சிக்கு 100க்கு 35 வேண்டும், செய்முறை உள்ள பாடமானால் எழுத்துத் தேர்வின் 70இல் குறைந்தது 15. கையில் வரக்கூடிய முப்பது பாடத்தைத் தேர்ந்து, அவற்றையே எழுதி எழுதி உறுதியாக்கலாம். அப்போதும் தாங்கு நாளையும் ஞாயிறு தேர்வையும் விட்டுவிடக் கூடாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். சனிக்கிழமைக் கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்தால், அங்கே ஒரு டியூஷனை நுழைத்துவிடாதீர்கள்.