17 நிலம், இரண்டு நிறம்

1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கிய 'மேஜிக்: த கேதரிங்' சீட்டு விளையாட்டில், கையில் எவ்வளவு பலமான சீட்டு இருந்தாலும் அதை இறக்கக் 'கூலி' கொடுத்தாக வேண்டும். அந்தக் கூலிக்குப் பெயர் மானா. அதைத் தருபவை நிலச் சீட்டுகள். காடு பச்சை மானா தரும், மலை சிவப்பு, சதுப்பு கறுப்பு. ஒரு முறைக்கு ஒரு நிலம்தான் போடலாம்.

டிராஃப்ட் ஆட்டத்தில், பாக்கெட்டுகளிலிருந்து பொறுக்கிய சீட்டுகளைக் கொண்டு 40 சீட்டுக் கட்டு ஒன்றைக் கட்டுவோம். அதில் 17 நிலம் என்பது பழகிய கணக்கு. ஏன் 17? ஆட்டத்தை நாம் தொடங்கினால் நான்காம் முறைக்குள் பத்து சீட்டு பார்த்திருப்போம். அதில் சராசரியாக நான்கும் கொஞ்சமும் நிலமாக இருக்கும். முறைக்கொன்றாகப் போட அது போதும். கட்டில் இரண்டு மானா சீட்டுகளே அதிகம் என்றால் 16 போதும். ஆறு மானா கேட்பவை நிறைய என்றால் 18 வைக்கலாம்.

எனக்கு அதைவிடப் பெரிய சிக்கலாகத் தெரிவது நிறம்தான். பச்சையும் சிவப்பும் கலந்த கட்டில் 9 காடு, 8 மலை வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். இரண்டாவதாக ஆடுபவர் தன் இரண்டாம் முறைக்குள் ஒன்பது சீட்டு பார்ப்பார். அதில் ஒரு மலைகூட வராமல் போவது பத்தில் ஒரு ஆட்டம்தான். தாங்கிக்கொள்ளலாம்.

இப்போது ஒரு அருமையான கறுப்புச் சீட்டு கிடைக்கிறது. விட மனசு வராது. ஒரு காட்டையும் இரண்டு மலையையும் எடுத்துவிட்டு மூன்று சதுப்பைச் செருகுகிறோம். மூன்றே மூன்று சதுப்பு என்பதால், நாமே தொடங்கும் ஆட்டத்தில் நான்காம் முறைக்குள் அவற்றில் ஒன்றாவது வருவதற்கு வாய்ப்பு 59 சதவீதம்தான். அதற்குக் கொடுத்த விலையைப் பாருங்கள்: மலை எட்டிலிருந்து ஆறாகக் குறைந்ததும், மேலே சொன்ன அதே ஒன்பது சீட்டில் மலையே வராத ஆட்டங்கள் 10 சதவீதத்திலிருந்து 19 சதவீதமாகிவிடும். ஒரு சீட்டை ஆட ஆசைப்பட்டு, பத்து சிவப்புச் சீட்டுகளுக்கு வழியை அடைக்கிறோம்.

இந்தத் தவறு ஆட்டத்தில் எளிதாகக் கண்ணில் படாது. கையில் இரண்டு சதுப்பும் ஒரு காடும் இருக்கும். மூன்று நிலம் இருக்கிறதே என்று தொடங்கிவிடுவோம். சிவப்புச் சீட்டுகள் கையிலேயே கிடக்கும். தோற்றதும் 'நிலம் சரியாக வரவில்லை' என்போம். நிலம் வந்தது, நிறம்தான் வரவில்லை.

சீட்டின் வலது மேல் மூலையில் ஒரே நிறக் குறி இரண்டு இருந்தால் இன்னும் கடினம். இரண்டு சிவப்புக் குறி கொண்ட சீட்டை இரண்டாம் முறையிலேயே ஆட, எட்டு மலை இருந்தும் 59 சதவீத வாய்ப்புதான். அப்படிப்பட்டவை கட்டின் பிரதான நிறத்தில் மட்டும் இருக்கட்டும்.

மூன்றாம் நிறத்தில் ஒரு சீட்டை நான் சேர்ப்பது, அதில் அந்த நிறக் குறி ஒன்றே ஒன்று இருந்து, ஏழாம் எட்டாம் முறையில் இறக்கினாலும் அதே பலன் தரும் என்றால்தான். கூடவே இரு நிறம் தரும் நிலங்கள் ஒன்றிரண்டு கிடைத்திருக்க வேண்டும். அப்போது மலையைக் குறைக்காமலே கறுப்பைச் சேர்த்துக்கொள்ளலாம்.