ஹீட்டருக்கு அறையின் குளிர் தெரியுமா?

உதகையில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போவது வழக்கம். உறைபனி படியும் விடியல்களும் உண்டு. அங்கே ஒரு படுக்கையறையில் ரூம் ஹீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அறையை வெளியைவிட ஒரு டிகிரி சூடாக வைத்திருக்க 100 வாட் செலவாகிறது. சுவர், ஜன்னல், கதவிடுக்கு வழியாக அவ்வளவு வெப்பம் கசிகிறது என்று பொருள்.

முதலில் தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட்டர். அதில் இருப்பது ஒரு சுவிட்சு, ஒரு சுருள். 1000 வாட்டில் போட்டால் விடியும்வரை 1000 வாட்தான். இரவு ஒன்பது மணிக்கு வெளியே 10 டிகிரி என்றால் உள்ளே 20 வரை ஏறும், இதமாக இருக்கும். விடியற்காலையில் வெளியே 4 ஆனால் உள்ளே 14க்கு இறங்கிவிடும். யாரோ ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்ததில் கசிவு இரட்டிப்பானால், வெளியே 10 இருக்கும்போதே உள்ளே 15தான். விருந்தாளிகள் நான்கு பேர் வந்து உட்கார்ந்தாலோ கதை தலைகீழ். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடலிலிருந்து சுமார் 100 வாட் வெப்பம் வெளிவரும். அதனால் வெளியே 10 இருந்து ஜன்னலும் சாத்தியிருந்தால் அறை 24 டிகிரிக்குப் போய்விடும்.

இத்தனை நடந்தும் ஹீட்டர் ஒரு வாட்கூட மாற்றவில்லை. அறை எப்படி இருக்கிறது என்ற செய்தி அதனிடம் திரும்பி வர வழியே இல்லை. இதுதான் திறந்த வளையக் கட்டுப்பாடு. இதில் டைமர் ஒன்றைச் சேர்த்தாலும் நிலைமை மாறாது. டைமர் கடிகாரத்தைப் பார்க்கிறதே தவிர, அறையைப் பார்ப்பதில்லை. குளிருகிறதே என்று நடுராத்திரியில் ஒருவர் எழுந்து 2000 வாட் சுவிட்சைத் தட்டினால், வளையத்தை மூடுவது அந்த ஆள்தான்.

அந்த ஆளின் வேலையைச் செய்வது தெர்மோஸ்டாட். எளிய ஹீட்டர்களில் அது விரல் நீளம்கூட இல்லாத ஓர் உலோகப் பட்டை. சூட்டில் ஒன்று அதிகமாகவும் மற்றொன்று குறைவாகவும் விரியும் இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டிச் செய்தது. காற்று சூடாக ஆக, அதிகம் விரியும் பக்கம் நீண்டு பட்டை வளையும். ஓரளவு வளைந்ததும் முனையிலுள்ள மின்தொடுப்பு ‘டிக்’ என்று விலகி, மின்சாரம் நிற்கும். குமிழைத் திருகும்போது, எவ்வளவு வளைந்தால் தொடுப்பு விலகும் என்பதையே மாற்றுகிறோம்.

குமிழ் 20 டிகிரியில் இருந்தால் ஹீட்டர் ஏறத்தாழ 21இல் நிற்கும், 19இல் மீண்டும் எரியும். நடுவில் இந்த இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் தொடுப்பு நொடிக்கொரு தரம் பட்டு விலகி, பொறி பறந்து கருகிப்போகும்.

இப்போது அதே இரவு, 2000 வாட் ஹீட்டர், தெர்மோஸ்டாட்டுடன். வெளியே 10 என்றால் தேவை 1000 வாட்; ஹீட்டர் பாதி நேரம் எரியும். வெளியே 4 ஆனால் தேவை 1600. பத்து நிமிடத்துக்கு எட்டு நிமிடம் எரியும். வெளியே 10 இருக்கும்போது அந்த நான்கு விருந்தாளிகள் வந்தால் மூன்று நிமிடம் போதும். குளிர் ஏன் கூடியது, ஜன்னலா, வானமா என்று பட்டைக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். விளைவை அளந்து அதற்கேற்பச் செயல்படுவதால், காரணம் எதுவானாலும் சமாளிக்கிறது. இதுவே மூடிய வளையக் கட்டுப்பாடு.

அதற்கும் எல்லை உண்டு. வெளியே 4 இருக்கும்போது ஜன்னலும் திறந்திருந்தால் தேவை 3200 வாட். ஹீட்டரில் இருப்பதோ 2000. இடைவிடாமல் எரிந்தும் அறை 14ஐத் தாண்டாது. குமிழை இன்னும் திருகிப் பயனில்லை; ஜன்னலைத்தான் சாத்த வேண்டும்.

அடிக்கடி தொல்லை தருவது வேறொன்று: பட்டை இருக்கும் இடம். பல ஹீட்டர்களில் அது ஹீட்டரின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. ஹீட்டரை மூலையில், சோபாவை ஒட்டி வைத்தால் சூடான காற்று அங்கேயே தேங்கும். பட்டை அதை அறையின் சூடு என்று எடுத்துக்கொண்டு சீக்கிரம் அணைத்துவிடும். கட்டில் பக்கம் குளிர் அப்படியே இருக்கும். குளிர்காற்று வரும் கதவிடுக்கின் எதிரில் வைத்தால், அறை சூடான பிறகும் எரிந்துகொண்டிருக்கும்.

ஹீட்டர் தானாக நின்றதை மட்டும் வைத்து அதில் தெர்மோஸ்டாட் இருக்கிறது என்று முடிவு செய்யக்கூடாது. ஹீட்டரின் உடம்பு மிதமிஞ்சிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி தனியாக உண்டு; அது அறையைக் கவனிப்பதில்லை. அறை சூடான பிறகு குமிழை மெல்லக் குறைத்துப் பாருங்கள். ‘டிக்’ என்று அணைந்து, கூட்டியதும் மறுபடி எரிந்தால் அது தெர்மோஸ்டாட். குமிழில் பெரும்பாலும் டிகிரி இருக்காது. 1, 2, 3 என்று எண்கள்தான் இருக்கும். கட்டிலருகே ஒரு வெப்பமானியை வைத்து, எந்த எண்ணில் அங்கே 20 நிற்கிறது என்று ஓர் இரவு பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். ஹீட்டரை இடம் மாற்றினால் திரும்பவும் பார்க்க வேண்டும்.