வெண்பா அடியை அலகிடுவது எப்படி?

அலகிடுறதுன்னா சீரை அசையாகப் பிரிச்சு, தளை சரியான்னு பார்க்கிறதுதான். பயிற்சிக்காக நானே எழுதிய ஒரு குறள் வெண்பா:

காலை மழையில் நனைந்த செடியெல்லாம்
கோல நகைபூக்கும் பார்

நெடிலில் தொடங்கினால் அதுவே நேரசை: கா. குறிலுக்கு அடுத்து புள்ளி எழுத்து வந்தாலும் நேர்தான்: யில். குறிலுக்குப் பின் புள்ளியில்லாத எழுத்து வந்தால் இரண்டும் சேர்ந்து நிரை: மழை. அசையை அடுத்து வரும் புள்ளி எழுத்து அதோடு ஒட்டிக்கொள்ளும்: நனைந். சீர்க்கடைசியில் தனியாக மிஞ்சும் எழுத்து நேர்.

கா/லை மழை/யில் நனைந்/த செடி/யெல்/லாம்
கோ/ல நகை/பூக்/கும் பார்

ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம். மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய். மாவுக்கு அடுத்த சீர் நிரையில் தொடங்கணும். விளத்துக்கும் காய்க்கும் அடுத்தது நேரில் தொடங்கணும். 'காலை' மா, அடுத்து 'மழை' நிரை, சரி. முதலடி 'செடியெல்லாம்' என்று காயில் முடிகிறது, அடுத்த அடி 'கோ' என நேரில் தொடங்குகிறது, அதுவும் சரி.

'மழையில்' என்பதை 'மாரியில்' என மாற்றிப் பாருங்கள். பொருள் அதேதான்; ஆனால் மாவுக்குப் பின் நேர் வந்து தளை தட்டும்.

மாணவர்களே, இதில் எது தட்டுகிறது?

1. மாலை வெயிலில் மறைந்த குருவியெல்லாம்
2. பள்ளி முடிந்து வீடு திரும்பினான்

விடை: இரண்டாவது. 'முடிந்து' மா, அடுத்து 'வீ' நேர். 'வீடு' இருக்கும் இடத்தில் 'மனைக்குத்' என்று போட்டால் சரியாகிவிடும்.