தூணில் எத்தனை ரிங்?

1971 பிப்ரவரி 9 அன்று காலை, கலிபோர்னியாவின் சான் ஃபெர்னாண்டோ பகுதியை நிலநடுக்கம் உலுக்கியது. அங்கே ஆலிவ் வியூ என்ற மருத்துவமனைக்குப் புதிதாகக் கட்டப்பட்ட கட்டடம், சுமார் இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து சாய்ந்து நின்றது. பிறகு அதை ஆராய்ந்த பொறியாளர்களை ஒரு காட்சி பிடித்து நிறுத்தியது. ஒரே தளத்தில், ஒரே அளவு ஆட்டத்துக்கு உள்ளான தூண்களில், கம்பியை நெருக்கமாகச் சுருள்போலச் சுற்றிக் கட்டியிருந்தவை மேலே பூசிய கான்கிரீட் முழுக்க உதிர்ந்த பிறகும் பாரத்தைத் தாங்கி நின்றன. வளையங்களை இடைவெளி விட்டுக் கட்டியிருந்த மூலைத் தூண்களோ நொறுங்கிப்போயிருந்தன. உள்ளே இருந்த செங்குத்துக் கம்பிகள் வெளியே பிதுங்கி வளைந்திருந்தன.

நம் ஊர் வேலைத்தளத்தில் அந்த வளையத்தை ‘ரிங்’ என்பார்கள். தூணின் நான்கு பக்கமும் நிற்கும் நீளக் கம்பிகளைச் சுற்றி, சதுரமாகவோ செவ்வகமாகவோ வளைத்துக் கட்டும் மெல்லிய கம்பி. நீளக் கம்பிகளை இடத்தில் நிறுத்திவைப்பதுதான் அதன் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். கான்கிரீட் போடும் வரைக்கும் அது சரி. அதன் முக்கியமான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

மேலிருந்து அழுத்தும்போது கான்கிரீட் பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும். ரிங் அதை இறுக்கிப் பிடிக்கும். அப்படிப் பிடிக்கப்பட்ட உட்பகுதி, பிடியில்லாத கான்கிரீட்டைவிட அதிக பாரம் தாங்கும். நொறுங்குவதற்கு முன் நிறைய நெளிந்தும் கொடுக்கும். நீளக் கம்பியும் அப்படித்தான். இரண்டு ரிங்குக்கு நடுவே நீளம் அதிகமாக இருந்தால், அழுத்தம் தாளாமல் அது வெளிப்பக்கம் வளைந்துவிடும்.

சாதாரண நாளில் பாரம் தூணின் உயரம் முழுக்க ஏறத்தாழ ஒரே மாதிரி இறங்குகிறது. நிலநடுக்கத்தில் கதை வேறு. கட்டடம் இடமும் வலமும் ஆடும்போது ஒவ்வொரு தூணும் ‘S’ எழுத்துபோல வளைகிறது. நடுப்பகுதியில் வளைவின் வேகம் ஏறத்தாழ பூஜ்யம். மேலே பீமோடு சேரும் இடத்திலும் கீழே தளத்தோடு சேரும் இடத்திலும்தான் உச்சம். அடி வாங்குவது தூணின் இரண்டு முனைகளே. அதனால்தான் அங்கே ரிங் நெருக்கமாக வேண்டும்.

எவ்வளவு நெருக்கம்? இந்தியாவில் சாதாரண கான்கிரீட் வேலைக்கு ஐ.எஸ். 456 என்ற தர நூலும், நிலநடுக்கத்தைத் தாங்கும் கம்பி அமைப்புக்கு ஐ.எஸ். 13920 என்ற நூலும் உள்ளன. சென்னையும் கோவையும் 2002ஆம் ஆண்டு வந்த நிலநடுக்க வரைபடத்தில் மூன்றாம் மண்டலத்தில் இடம்பெற்றன. ஆகவே அந்த இரண்டாவது நூல் தமிழ்நாட்டு வீடுகளுக்கும் பொருந்தும்.

ஒரு தூணை எடுத்து எண்ணிப் பார்க்கலாம். அகலம் 300 மி.மீ., நீளம் 450 மி.மீ., உள்ளே 16 மி.மீ. கம்பிகள் எட்டு. தளத்துக்குத் தளம் 3 மீட்டர். பீமின் ஆழம் 450 மி.மீ. போக, தூணின் தெளிவான உயரம் 2,550 மி.மீ.

முதலில் ஐ.எஸ். 456 கணக்கு. தூணின் சிறிய பக்கம் 300; நீளக் கம்பியின் தடிமனைப்போல் 16 மடங்கு 256; பொது வரம்பு 300. இவற்றில் சிறியது எதுவோ அதைத் தாண்டக்கூடாது. ஆக 250 மி.மீ., அதாவது மேஸ்திரி சொல்லும் பத்து அங்குலம். 2,550ஐ 250ஆல் வகுத்தால் பத்துக்குச் சற்று மேல். பதினோரு இடைவெளி வைக்க வேண்டும். இடைவெளியைவிட ரிங் எப்போதும் ஒன்று கூடுதல் என்பதால் 12 ரிங்.

இப்போது அதே தூணுக்கு ஐ.எஸ். 13920. நெருக்கமாகக் கட்டவேண்டிய முனைப்பகுதியின் நீளம் முதலில் தெரியவேண்டும். தூணின் பெரிய பக்கம் 450, தெளிவான உயரத்தில் ஆறில் ஒரு பங்கு 425, குறைந்தபட்சம் 450. இவற்றில் பெரியது 450 மி.மீ., ஏறத்தாழ ஒன்றரை அடி. அந்த ஒன்றரை அடிக்குள் இடைவெளி, சிறிய பக்கத்தின் கால் பங்கான 75, கம்பியின் ஆறு மடங்கான 96, பொது வரம்பான 100 ஆகியவற்றில் சிறியதைத் தாண்டக்கூடாது. ஆக மூன்று அங்குலம். கீழே ஆறு இடைவெளி, மேலே ஆறு. நடுவில் மிஞ்சும் 1,650 மி.மீ.க்குச் சிறிய பக்கத்தின் பாதியான 150 மி.மீ. போதும், பதினோரு இடைவெளி. மொத்தம் 23 இடைவெளி, 24 ரிங். முந்தைய கணக்கைவிடச் சரியாக இரண்டு மடங்கு.

அதோடு முடியவில்லை. நீளக் கம்பிகளை ஒட்டுப்போடும் இடம் தூணின் நடுப் பாதிக்குள் இருக்கவேண்டும். அந்த ஒட்டு நீளம் முழுக்க இடைவெளி 100 மி.மீ.யைத் தாண்டக்கூடாது. 800 மி.மீ. ஒட்டு என்று வைத்துக்கொண்டால் நடுப்பகுதியில் இடைவெளி பதினான்காகி, ரிங் 27 ஆகும். பிறகு பீமும் தூணும் சேரும் ஜாயின்ட். அந்த 450 மி.மீ. ஆழத்துக்குள்ளும் மூன்று அங்குல ரிங் தொடரவேண்டும்: இன்னும் ஐந்து. நான்கு பக்கமும் போதிய அகலமுள்ள பீம் வந்து சேர்ந்தால் மட்டும் அங்கே இடைவெளியை 150 வரை தளர்த்தலாம். ஆக, ஒரு தளத்துக்கு 32.

75 மி.மீ. என்பது மேல் வரம்புதான். கான்கிரீட்டின் வலிமை, உட்பகுதியின் பரப்பு ஆகியவற்றை வைத்துப் பொறியாளர் போடும் இன்னொரு கணக்கு, ரிங்கைத் தடிமனாக்கவோ இன்னும் நெருக்கவோ சொல்லலாம். நமது தூணுக்கு 8 மி.மீ. ரிங் போதாது என்றுதான் அந்தக் கணக்கு காட்டும். நீளமான பக்கத்தின் நடுவில் நிற்கும் கம்பிகளை எதிரெதிராகப் பிடிக்கக் குறுக்குக் கொக்கியும் தேவைப்படும். வரைபடத்தில் என்ன இருக்கிறதோ அதுவே முடிவு.

தளத்தில் தவறுவது பெரும்பாலும் கீழ் முனையில் அல்ல, மேல் முனையிலும் ஜாயின்ட்டிலும்தான். காரணம் எளியது. பீமின் கம்பிகள் தூணின் கம்பிகளுக்கு நடுவே நுழைந்துவிட்டால், அதன் பிறகு மூடிய ரிங்கை உள்ளே இறக்க இடமில்லை. பீம் கம்பி வரும் முன்பே ஜாயின்ட்டுக்கான ரிங்குகளைக் கோர்த்துத் தொங்கவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக இடத்தில் கட்டவேண்டும். இது சிரமமான வேலை, நேரம் பிடிக்கும். அவசரத்தில் அந்த ஒன்றரை அடி வெறுமையாகவே போய்விடுகிறது. கட்டுக்கம்பியை ஒழுங்காக முறுக்காவிட்டால், வைப்ரேட்டர் போடும்போது மேல் ரிங்குகள் சரிந்து கீழே குவிவதும் உண்டு. எண்ணிக்கை சரியாக இருக்கும், இடம் தவறியிருக்கும். எனவே மொத்தத்தை எண்ணுவதைவிட, பீமின் அடியிலிருந்து டேப்பை வைத்து ஒன்றரை அடிக்குள் எத்தனை என்று எண்ணுவதே சரி. நமது தூணில் ஏழு இருக்கவேண்டும்.

கொக்கியையும் பார்க்கவேண்டும். ரிங்கின் இரு முனைகளும் 90 டிகிரியில் மடங்கியிருந்தால், மேல் கான்கிரீட் உதிர்ந்ததுமே அவை திறந்துகொள்ளும். பிறகு எத்தனை ரிங் இருந்தும் பயனில்லை. 2001 குஜராத் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கி.மீ.க்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்திலும் அடுக்குமாடிகள் சரிந்தன. கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் வண்டி நிறுத்த விட்டிருந்த கட்டடங்கள் அவற்றில் பல. உடைந்த தூண்களில் அகன்ற இடைவெளியும் 90 டிகிரிக் கொக்கியும் சாதாரணமாகக் காணப்பட்டன. முனை 135 டிகிரி மடங்கி, உட்பக்கமாக, கம்பியின் ஆறு மடங்கு நீளமாவது, 65 மி.மீ.க்குக் குறையாமல் புதைந்திருக்கவேண்டும் என்பது 2016ஆம் ஆண்டுப் பதிப்பின் விதி. கொக்கி வரும் மூலையையும் ஒரே பக்கமாக வைக்காமல் ரிங்குக்கு ரிங் மாற்றிக் கட்டுவது நல்ல வழக்கம்.

இவை எல்லாவற்றையும் பலகை அடிப்பதற்கு முன்பே பார்த்துவிடவேண்டும். கான்கிரீட் போட்ட பிறகு, கம்பி இருக்கும் இடத்தைக் கண்டறியும் கருவியை மேலே ஓட்டி ரிங்குகளின் இடைவெளியை ஓரளவு அறியலாம். கொக்கி எத்தனை டிகிரி மடங்கியிருக்கிறது என்பதை அது காட்டாது. நாலாபுறமும் பீம் சூழ்ந்த ஜாயின்ட்டுக்குள் அந்தக் கருவியின் பார்வை எட்டுவதும் அரிது. குறை தெரியவந்தால், தூணைச் சுற்றிப் புதிதாகக் கம்பி கட்டிக் கான்கிரீட் உறை போடுவதோ, இரும்புத் தகடு அல்லது நார்த்துணி சுற்றுவதோதான் வழி. இருபது ரிங்குக்கு ஆகும் செலவைவிட அது பல மடங்கு.