போச்சா, போகலையா?

கோவையில் வேலை பார்க்கும் மகள், கும்பகோணத்தில் இருக்கும் அப்பாவுக்கு மாலை 7 மணிக்கு 2,000 ரூபாய் அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பின் நம்பரை அழுத்துகிறாள். திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டதாக அவளுடைய வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்துவிட்டது. செயலியோ ‘பெண்டிங்’ என்கிறது. போன் போட்டுக் கேட்டால், “இன்னும் வரலையேம்மா” என்கிறார் அப்பா.

மூன்று பேர் சொல்வதும் உண்மைதான்.

அவள் பொத்தானை அழுத்தியதும் கிளம்புவது பணமல்ல, ஒரு கோரிக்கை. செயலி அதைத் தன்னோடு கூட்டு வைத்திருக்கும் வங்கி வழியாக என்பிசிஐ என்ற தேசியக் கழகத்தின் கணினிக்கு அனுப்புகிறது. 2016-ல் யுபிஐ முறையைத் தொடங்கியது இந்தக் கழகம்தான். எந்த வங்கிக்கு எந்தச் செய்தி போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது இதன் வேலை. முதலில் அது மகளின் வங்கியிடம் 2,000 ரூபாயை எடுக்கச் சொல்கிறது. பின் நம்பரைச் சரிபார்ப்பது அந்த வங்கி. செயலியால் அந்த எண்ணைப் பார்க்கவே முடியாது. எண் சரி, இருப்பும் இருக்கிறது என்றால் பணத்தைக் கழித்துவிட்டு வங்கி பதில் சொல்கிறது. மகளுக்குக் குறுஞ்செய்தி வருவது இந்த இடத்தில்தான், அதாவது பாதி வழியில்.

அடுத்ததாக அப்பாவின் வங்கிக்கு, 2,000 ரூபாயை வரவு வைக்கும்படி செய்தி போகிறது. வைத்துவிட்டோம் என்று அந்த வங்கி பதில் சொன்னால் இரண்டு போன்களிலும் பச்சை டிக் விழும். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். இரண்டு வங்கிகளுக்கும் இடையே உண்மையான பணம் அப்போது கைமாறுவதில்லை. நாளில் பல தவணைகளாக மொத்தக் கணக்குப் பார்த்து, யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை ரிசர்வ் வங்கியில் உள்ள கணக்குகளில் நேர் செய்துகொள்கிறார்கள்.

சிக்கல் வருவது, ஏதாவது ஒரு வங்கி பதில் சொல்லாதபோது. அதன் சர்வர் திணறலாம், பராமரிப்பு வேலை நடக்கலாம். மகளின் வங்கி மௌனமாக இருந்தால் பிரச்சினை சிறிது. அப்பாவின் வங்கிக்கு இன்னும் செய்தியே போகவில்லை. பரிவர்த்தனை தோல்வி என்று அறிவித்து, பணத்தை எடுத்திருந்தால் திருப்பிப் போடும்படி சொல்லிவிடலாம்.

அப்பாவின் வங்கி மௌனமானால்தான் வம்பு. கோரிக்கை அங்கே போய்ச் சேராமலே இருந்திருக்கலாம். பணம் வரவாகி, பதில் மட்டும் வழியில் தொலைந்தும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தோல்வி என்று முடிவுகட்டி மகளுக்குப் பணத்தைத் திருப்பினால், ஒருவேளை அப்பா கணக்கிலும் அது ஏறியிருந்தால், ஒரே 2,000 இரண்டு இடத்தில் இருக்கும். அதனால் அவசரப்படாமல் அதை முடிவாகாததாக நிறுத்தி வைக்கிறார்கள். பிறகு அப்பாவின் வங்கி தன் பேரேட்டைச் சரிபார்த்து வரவு வைக்க வேண்டும், முடியாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும். திரையில் தெரியும் ‘பெண்டிங்’ பெரும்பாலும் இந்தக் காத்திருப்புதான். இந்த நேரத்தில் மகள் பதறிப்போய் இன்னொரு 2,000 அனுப்பினால், அப்பாவுக்கு 4,000 போய்ச் சேரக்கூடும்.

எவ்வளவு நாள் காத்திருப்பது? 2019-ல் ரிசர்வ் வங்கி கெடு விதித்தது. ஆளுக்கு ஆள் அனுப்பிய பணம் சேராவிட்டால், மறுநாளுக்குள் திரும்பிவிட வேண்டும். கடையில் செலுத்தி, கடைக்காரருக்கு உறுதிச் செய்தி வராவிட்டால் ஐந்து நாள் வரை அவகாசம். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு, அதுவும் வாடிக்கையாளர் புகார் கொடுக்கும் வரை காத்திராமல் தர வேண்டும். இந்த 100 ரூபாய் விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. வங்கியில் பேசும்போது கையில் இருக்க வேண்டியது, செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் தெரியும் 12 இலக்க எண். பணம் எங்கே நிற்கிறது என்பதை அதை வைத்துத்தான் தேடுவார்கள். அப்பாவும் குறுஞ்செய்தியை நம்பாமல், கணக்கு விவரத்தைப் பார்ப்பது நல்லது.

‘போச்சா, போகலையா’ என்று ஓயாமல் கேட்பதே ஒருமுறை எல்லாவற்றையும் முடக்கியது. 2025 ஏப்ரல் 12 அன்று நாடெங்கும் யுபிஐ தடுமாறியது. சில வங்கிகளின் கணினிகள் பரிவர்த்தனைகளின் நிலையை, பழையவற்றையும் சேர்த்து, திரும்பத் திரும்ப விசாரித்ததில் நடுவிலுள்ள அமைப்பு மூச்சுத் திணறியது. அந்த ஜூனில், வங்கிகள் பதில் சொல்வதற்கான அவகாசம் 30 நொடியிலிருந்து 15 ஆகக் குறைந்தது. ஆகஸ்டிலிருந்து, பெண்டிங்கில் நிற்கும் பரிவர்த்தனையின் நிலையை மூன்று முறைதான் கேட்கலாம், ஒவ்வொரு முறைக்கும் நடுவே 90 நொடி விட்டு.